“படிச்ச சனம் எப்பிடி விழுந்தது?”

மாத்தளையில் பிறந்த பிரேமானந்தாவின் கதை வந்தாலே நாங்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்டுவிட்டு, “நாங்களெண்டா விழமாட்டம்” என்று மனதுக்குள் ஒரு சின்னத் திருப்தி. அந்தத் திருப்திதான் பிழை என்று நினைக்கிறோம்.

1983 கலவரத்துக்குப் பிறகு அவர் தமிழ்நாட்டுக்குப் போனார். திருச்சிக்குப் பக்கத்தில் ஆச்சிரமம் எழும்பியது. கையிலிருந்து விபூதி, சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம். நாங்கள் பேசுவது எப்பவும் இந்த அற்புதங்களைத்தான். ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் இங்கிருந்து போன, ஆதரவில்லாத பிள்ளைகள். அவர்கள் லிங்கத்தைப் பார்த்துச் சேரவில்லை. சோறு, படிப்பு, படுக்க ஒரு இடம், இதுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். யுத்தம் வீட்டைப் பறித்த இடத்தில் ஒருவர் “நான் இருக்கிறன்” என்றால் யார் மறுப்பது?

“அப்ப ஏன் விட்டுட்டு வரேல்லை?” எங்கே வருவது? சோறு போடுகிறவரும் அவர், பாதுகாவலரும் அவர், கடவுளும் அவர். முறையிடப் போனாலும் அவரிடம்தான் போகவேண்டும். வெளியே இருப்பதோ சொந்தக்காரர் இல்லாத வேறொரு நாடு. இதை நம்பிக்கை என்று சொல்லக்கூடாது. கதவில்லாத வீடு அது.

1994இல், வெளியே வந்த பெண்கள் வாய் திறந்தார்கள். அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்க வெளியே ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் கைது நடந்தது. கருவின் மரபணுப் பரிசோதனையும் நீதிமன்றத்தில் சாட்சியானது. 1997இல் 13 பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமைக்கும் ஒரு கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை. மேன்முறையீடுகளும் தோற்றன. 2011இல் தண்டனைக் கைதியாகவே இறந்தார்.

ஆனாலும் ஆச்சிரமம் இயங்குகிறது, பூசை நடக்கிறது. எங்கள் உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்து, பிறகு வட மாகாண முதலமைச்சரான ஒருவரே தான் அவருடைய பக்தர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். சாட்சியத்தை எடைபோடத் தெரியாதவரா அவர்? இங்கே படிப்புக் குறைவு பிரச்சினை இல்லை. துக்கத்தில் ஆறுதல் தந்த ஒருவரைக் குற்றவாளி என்று ஏற்றால், அந்த ஆறுதலும் பொய்யாகிவிடுமோ என்ற பயம் வரும். “சதி” என்று சொல்வது அதைவிட லேசு.

ஆக, தங்கியவர்களில் இரண்டு வகை. ஒருவருக்குப் போக இடமில்லை. மற்றவருக்கு இடமிருந்தும் மனம் வரவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து “முட்டாள் பக்தர்கள்” என்று சிரிக்கும்போது, முதலாமவரைத்தான் நாங்கள் திரும்பவும் உள்ளே தள்ளுகிறோம். வெளியே வந்தால் சிரிப்பார்கள் என்று தெரிந்தால் யார் வருவார்?

இனி ஒரு சாமியாரைப் பற்றிக் கதை வந்தால் அற்புதம் உண்மையா என்று அலட்டவேண்டாம். அங்கிருக்கிற பிள்ளை வெளியில் யாரோடாவது தனியாகப் பேச முடியுமா? விட்டுப் போனவரைப் பற்றி உள்ளே என்ன சொல்கிறார்கள்? அதைக் கேட்போம்.