பதினாறில் ஒரு ஜோடி

2025 மார்ச் 29 அன்று சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போனார். டிவி, யூடியூப், ராசிபலன் ஆப் என்று எல்லா இடத்திலும் அன்று திருவிழா. திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ இந்த வருஷம் சனிப்பெயர்ச்சியே இல்லை, எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், அதன்படி 2026 மார்ச்சில்தான் பெயர்ச்சி என்று அறிவித்துவிட்டது. சனிக்கென்றே பேர்போன தலம் சொன்ன தேதிக்கும் செல்போன் சொன்ன தேதிக்கும் நடுவில் கிட்டத்தட்ட பதினோரு மாதம்.

பலரும் இதைச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்கு விட மனசில்லை. எங்கள் வாலாஜாபாத்தில் அந்தப் பதினோரு மாதத்துக்குள் ஒரு கல்யாணம் கிட்டத்தட்ட முறிந்தே போயிருந்தது. அதற்கு இரண்டு பேரும் சொன்ன காரணம் சனி.

பெயர் வேண்டாம். அவன் மேஷம், அவள் சிம்மம். கல்யாணமாகி மூன்று வருஷம். அவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட். வீட்டில் மாமனாரின் குழித்தறி. கோர்வைப் புடவை நெய்கிறவர்களுக்குத் தெரியும், கரை ஒரு நிறம் உடல் ஒரு நிறம் என்றால் மூன்று நாடா ஓடவேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிட இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் அவள்தான். சம்பளம் கிடையாது. புடவை அறுத்துக் கொடுத்தபிறகு வரும் கூலி மாமனார் கைக்குப் போகும். முன்பணத்தில் கழிந்தது போக மிச்சம்தான் வீட்டுக்கு.

2025 ஆகஸ்ட்டில் பேச்சு நின்றுபோச்சு. அப்போது அவள் என்னிடம் சொன்னது: “எனக்கு அஷ்டமச் சனி அண்ணா, அவருக்கு ஏழரை ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்துடுச்சு. இது போறவரைக்கும் இப்படித்தான்.” ஆப்பில் பார்த்திருக்கிறாள். கணக்கு சரி. சிம்மத்துக்கு மீனம் எட்டாம் இடம், மேஷத்துக்குப் பன்னிரண்டாம் இடம், அதாவது ஏழரையின் முதல் பகுதியான விரயச் சனி.

அதே ஆகஸ்ட்டில் அவன் பாட்டி வைத்திருக்கிற பாம்புப் பஞ்சாங்கத்தில் சனி இன்னும் கும்பத்தில்தான் இருக்கிறார். கும்பம் மேஷத்துக்குப் பதினொன்றாம் இடம். லாபச் சனி, சனி கொடுக்கக்கூடியதிலேயே நல்ல இடம். அவளுக்கு ஏழாம் இடத்தில் கண்டகச் சனி. ஆக பாட்டி சொல்வது: “அவனுக்கு நேரம் அமோகமா இருக்கு. உன்னாலதான் கெடுது.” ஒரே சண்டை, ஒரே நாள். திருக்கணிதத்தில் இரண்டு பேரும் பாவம். வாக்கியத்தில் அவள் மட்டும் குற்றவாளி.

இரண்டு பஞ்சாங்கம் ஏன் என்று கேட்கலாம். வாக்கியம் என்பது பழைய சூத்திரங்களை வைத்துப் போடும் கணக்கு, அதில் சேர்ந்துபோன பிழையைத் திருத்தவில்லை. திருக்கணிதம் வானத்தில் கிரகம் தெரியும் இடத்தோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட்டது. அப்படியானால் திருக்கணிதத்தைப் பிடித்துக்கொண்டால் தீர்ந்ததா? தீராது. என் சண்டை தேதியோடு இல்லை.

கோசாரத்தில் சனி நல்லது செய்யும் இடங்கள் என்று நூல்கள் சொல்வது ஜென்ம ராசியிலிருந்து மூன்று, ஆறு, பதினொன்று. அவ்வளவுதான். மற்ற ஒன்பது இடத்துக்கும் ஏதாவது ஒரு தொல்லை எழுதிவைத்திருக்கிறது. மீனத்தில் சனி நிற்கும்போது தப்பித்தவர்கள் ரிஷபம், துலாம், மகரம். இப்போது ஒரு ஜோடியை எடுங்கள். இரண்டு பேருமே இந்த மூன்று ராசிக்குள் இருக்க எவ்வளவு வாய்ப்பு? நாலில் ஒன்றை நாலில் ஒன்றால் பெருக்கினால் பதினாறில் ஒன்று. மிச்சம் பதினைந்து ஜோடியில் யாராவது ஒருத்தருக்குச் சனி சரியில்லை. சண்டை போடுகிற ஜோடிக்கும் அப்படித்தான், போடாத ஜோடிக்கும் அப்படித்தான். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பொருந்துகிற காரணம் அந்த வீட்டைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

அப்படியும் சனி பொருந்தவில்லை என்றால் குருவிடம் போகலாம். அந்த ஆகஸ்ட்டில் குரு மிதுனத்தில். சிம்மத்துக்குப் பதினொன்று, பிரமாதம். மேஷத்துக்கு மூன்று, மோசம். ராகு கும்பத்தில், கேது சிம்மத்தில். இந்த நால்வரை வைத்தே அவன் நல்லவன் என்றும் சொல்லலாம், அவள் நல்லவள் என்றும் சொல்லலாம். முதலில் முடிவு, பிறகு கிரகம்.

ஜோதிடம் ஒழுங்காகப் படித்தவர்களும் இப்படிச் சொல்லமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர்களுக்குத் தசாபுத்திதான் முதல், கோசாரம் அதற்குப் பின்னால்தான். ஒரு இடத்தின் பலனை இன்னொரு கிரகம் தடுக்கிற வேதை என்று ஒன்று உண்டு. ராசிக்கு எத்தனை பரல் என்று அஷ்டவர்க்கம் பார்ப்பார்கள். ஆப் இதையெல்லாம் எடுத்துவிட்டு ராசியை மட்டும் வைத்து மக்கள்தொகையைப் பன்னிரண்டு கூறு போடுகிறது.

சந்திராஷ்டமத்தைச் சொல்லாமல் இதை முடிக்கமுடியாது, தினசரிச் சண்டைக்கு நம் வீடுகளில் அதுதானே சாக்கு. சந்திரன் நம் ராசிக்கு எட்டில் நிற்கும் இரண்டேகால் நாள். இதில் ஒரு வசதி இருக்கிறது, சோதித்துப் பார்க்கலாம். சந்திரன் ஒரு சுற்றுச் சுற்ற இருபத்தேழு நாளுக்குக் கொஞ்சம் மேல். வேறு வேறு ராசிக்காரர்கள் இரண்டு பேர் என்றால் அதில் நாலரை நாள் யாராவது ஒருத்தருக்குச் சந்திராஷ்டமம். அதாவது ஆறு நாளில் ஒரு நாள். சந்திரனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமலேயே ஆறு சண்டையில் ஒன்று அந்த நாளில் விழத்தான் செய்யும். அந்த ஒன்றுதான் ஞாபகத்தில் நிற்கும், மிச்ச ஐந்து நிற்காது. ஆறில் மூன்று நாலு அங்கே விழுந்தால், அதுவும் மாதாமாதம் விழுந்தால், அப்போது பேசலாம்.

அவளிடம் ஒரு நோட்டு போடச் சொன்னேன். தேதி, என்ன சண்டை, அவ்வளவுதான். காலண்டரைப் பார்க்காமல் எழுதணும், இல்லையென்றால் சந்திராஷ்டமம் என்று தெரிந்த நாளில் கை தானாக எழுதிவிடும். இரண்டு மாதம் கழித்து ஒரு பக்கத்தில் சந்திராஷ்டம நாள், இன்னொரு பக்கத்தில் அவன் ஷிஃப்ட் அட்டவணை என்று வைத்துப் பார்த்தோம். சந்திரன் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும். ஷிஃப்ட் பக்கம் அப்படி இல்லை. சண்டை முக்கால்வாசி அவனுக்கு இரவு ஷிஃப்ட் வந்த வாரங்களில். காலையில் வந்து படுப்பான். தறி ஓசை தொடங்கும். அவள் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காரணும். அவன் தூங்கவும் முடியாது, தறியை நிறுத்தச் சொல்லவும் முடியாது, அது அப்பா தறி. அப்பாவிடம் காட்டமுடியாத கோபம் அவள்மேல் வந்து விழும். சாப்பாட்டில் உப்பு என்று தொடங்கும்.

“சரிண்ணா, நம்பிக்கைதானே, மனசுக்கு ஆறுதல்னு விட்டுடலாமே” என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை, நேரம்தான் கெட்டது என்று நினைக்கும்போது வெறுப்பு கொஞ்சம் குறையும். ஆனால் சனி ஒரு ராசியில் நிற்பது இரண்டரை வருஷம். இருபத்தாறு வயசுப் பெண்ணைப் பார்த்து இரண்டரை வருஷம் வாயை மூடிக்கொண்டிரு, அப்புறம் சரியாகிவிடும் என்பதற்கு ஆறுதல் என்று பேர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த இரண்டரை வருஷமும் கரை நாடாவைத் தள்ளுவது அவள், கூலி கேட்காமல் இருப்பதும் அவள். வீட்டில் அத்தனை பேருக்கும் இந்தச் சனியால் ஒரு வசதி இருந்தது. யாரும் எதையும் மாற்றவேண்டியதில்லை. இந்த வழக்கத்தின்மேல் எனக்கு இருக்கும் கோபமெல்லாம் இதற்குத்தான்.

நோட்டைப் பார்த்தபிறகு அவள் கேட்டது இரண்டு. இரவு ஷிஃப்ட் வாரத்தில் தறி மதியத்துக்கு மேல்தான் ஓடணும். பக்கத்தில் உட்காருவதற்குப் புடவைக்கு இவ்வளவு என்று தன் கையில் வரணும். முதலாவது ஒரு வாரத்தில் நடந்தது. இரண்டாவதற்கு மாமனார் இன்னும் பதில் சொல்லவில்லை. பாட்டி கணக்குப்படி பேரனுக்கு 2026 மார்ச்சில்தான் ஏழரை பிடித்தது, திருநள்ளாறு போய்வரவேண்டும் என்றார். போய்வந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மறுபடியும் கூலிப் பேச்சை எடுத்திருக்கிறாள்.