கிடேரிக் கன்றுக்கு 500 ரூபாய் ஊசி... கட்டுப்படியாகுமா?

“பத்து கன்று போட்டால் ஒன்பது கிடேரி” என்று சொல்லித்தான் பாலினம் பிரித்த சினை ஊசியைப் போடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால், சாதாரண ஊசியைவிட விலை அதிகம். நாலைந்து மாடு வைத்திருப்பவர்களுக்கு இது லாபமா?

பெண் கன்று தரும் உயிரணுவில் மரபுப்பொருள் சுமார் 4 சதவிகிதம் அதிகம். சாயமேற்றி, லேசர் ஒளியில் அந்த வித்தியாசத்தைப் பார்த்து இயந்திரம் பிரிக்கிறது. இதில் நிறைய உயிரணுக்கள் வீணாகின்றன. அதனால் சாதாரண விந்துக்குச்சியில் சுமார் 2 கோடி இருந்தால், இதில் சில பத்து லட்சங்களே இருக்கும். சினை பிடிப்பதும் குறைகிறது. சாதாரண ஊசியில் 100-க்கு 40 பிடிக்கும் இடத்தில், இதில் 32 பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்குப் போடலாம். சாதாரண ஊசிக்கு 200 ரூபாய், இதற்கு 500 ரூபாய் என்போம். பத்து மாடு சினையாக, முதலாவதில் 25 ஊசி, 5,000 ரூபாய். இரண்டாவதில் 31 ஊசி, 15,500 ரூபாய். கூடுதலாகப் போடும் ஆறு ஊசிக்கும் தலா 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 126 நாள் தீவனம், நாளைக்கு 100 ரூபாய் வீதம் 12,600. ஆக, கூடுதல் செலவு 23,100 ரூபாய்.

கிடைப்பது? ஐந்துக்குப் பதில் ஒன்பது கிடேரி. கூடுதலான நான்கு கன்றுகளும் தலா 5,775 ரூபாய் ஆகின்றன. உங்கள் பகுதியில் நல்ல கறவையின் கிடேரிக் கன்று இதைவிட மலிவாகக் கிடைத்தால், ஊசி நஷ்டம். கிடைக்காவிட்டால் லாபம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அத்தனை கிடேரி உங்களுக்கு வேண்டுமா? ஐந்து மாட்டில், ஒரு மாடு ஐந்து ஈத்து நிற்கிறது என்றால் வருடத்துக்கு ஒரு கிடேரி போதும். சாதாரண ஊசியிலேயே சராசரியாக இரண்டு கிடைத்துவிடும். எனவே எல்லா மாட்டுக்கும் போட வேண்டாம். அதிகம் கறக்கும் மாட்டுக்கும், நன்கு வளர்ந்த முதல் ஈத்துக் கிடேரிக்கும் மட்டும் போடுங்கள். மற்றவற்றுக்குச் சாதாரண ஊசியே போதும்.

பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டுக்கு இதைப் போடவே கூடாது. சாதாரண ஊசியே 100-க்கு 25தான் பிடிக்கிறது என்றால், மேலே சொன்ன 5,775 ரூபாய், 9,500 வரை போய்விடும். இரண்டு முறை போட்டும் திரும்பப் பருவத்துக்கு வந்தால், மூன்றாவது சாதாரண ஊசியாகவே இருக்கட்டும்.

நேரமும் முக்கியம். குச்சியில் உயிரணு குறைவு என்பதால் கருமுட்டை வெளிவரும் நேரத்துக்கு நெருக்கமாகப் போட வேண்டும். மாடு அசையாமல் நின்று மற்ற மாட்டை ஏறவிட்ட நேரத்தைக் குறித்துவைத்து, ஊசி போடுபவரிடம் சொல்லுங்கள். நேரம் தெரியாத அன்று, இந்த விலை உயர்ந்த குச்சி வேண்டாம்.