முன்பணமும் முதுமைப் பணமும்

வட்டிக்கு அஞ்சும் நம் சகோதரர்கள் இன்று இரண்டு கதவுகளைத் தட்டுகிறார்கள். ஒன்று சம்பள முன்பணம். மற்றொன்று வருங்கால வைப்பு நிதி. "கடனில்லை, வட்டியில்லை, ஆகவே நட்டமுமில்லை" என்ற பேச்சைத் திண்டுக்கல் பேகம்பூரின் தோல் தொழிலாளரிடமும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலும் கேட்கிறோம். முதலிரண்டையும் ஒப்புக்கொள்வோம், மூன்றாவதை மறுக்கிறோம்.

நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மகளின் திருமணத்திற்கு 60,000 ரூபாய் வேண்டும். ஏழாண்டு உறுப்பினராயிருந்தவர் தம் பங்கில் பாதியைத் திருமணத்திற்காக எடுக்கலாம் என்பது நெடுநாள் விதி. 2025 அக்டோபரில் அறங்காவலர் வாரியம் இதனை மேலும் தளர்த்த முடிவு செய்தது. எடுப்பது எளிதாகிறது, இழப்பு எளிதாகவில்லை. 2024-25ஆம் ஆண்டின் 8.25 விழுக்காடு நீடித்தால், அந்த 60,000 அவருடைய 58ஆம் வயதில் ஏறத்தாழ 2,50,000 ஆகியிருக்கும்.

அப்படியாயின் கடனே மேலா? அன்று. 12 விழுக்காட்டுக் கடனை இரண்டாண்டில் அடைக்க மாதம் சுமார் 2,825 ரூபாய் வேண்டும். நிதியிலிருந்து எடுத்த ஓட்டையை அதே இரண்டாண்டில் அடைக்கச் சுமார் 2,720 போதும். கணக்கில் நிதியே மலிவு. ஆனால் கடன் கொடுத்தவன் மாதந்தோறும் வாயிலில் நிற்பான். வைப்பு நிதி ஒருநாளும் வந்து கேட்காது. கேளாத கடனை எத்தனை பேர் அடைத்தார்கள்? கட்டாயப் பிடித்தத்திற்கு மேல் விருப்பப் பங்கு செலுத்த விதி இடந்தருகிறது. எடுத்த மாதமே அதற்கு எழுதிக் கொடாதவர், மகளின் திருமணத்தைத் தம் முதுமையை விற்று நடத்துகிறார்.

முன்பணத்தின் விலையோ வேறு. ஒரு மாதச் சம்பளத்தை வாங்கி மூன்று நான்கு மாதங்களில் கழித்தால் அதனினும் நல்ல வழியில்லை. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது என்று 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. ஆனால் பழைய பாக்கி தீருமுன் புதிய முன்பணம் ஏறினால், அது உதவியன்று, கயிறு. வேறிடத்தில் கூடுதல் கூலி கிடைத்தாலும் போக முடியாது. கூலி குறைந்தாலும் கேட்க நாவெழாது. முன்பணத்தைக் காட்டி உழைப்பைக் கட்டிவைப்பதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே குற்றமாக்கிவிட்டது. அடையாளம் எளிது: தொகையும் தவணையும் எழுத்தில் உண்டா? மீதியைக் கட்டிவிட்டு நாளையே விலக முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்றால், அந்தப் பணத்தைத் தொடவேண்டாம்.

ஆகவே நாம் சொல்வது இது: மூன்று நான்கு மாதத்தில் தீரும் குறைக்கு எழுத்திலுள்ள முன்பணம், அதற்கு மேற்பட்டதற்கு, திரும்ப நிரப்பும் உறுதியோடு வைப்பு நிதி. வட்டியை விலக்கியவர் கணக்கையும் விலக்கிவிடலாகாது.