காலிப் பெட்டியை முதலில் நிறுங்கள்

தீபாவளிக்கு 2 நாள் முன்பு ஒரு வாடிக்கையாளர் ஒரு கிலோ மைசூர்பாகு பெட்டியோடு கடைக்குத் திரும்பி வருகிறார். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், 888 கிராம்தான் இருக்கிறது என்கிறார். கவுண்டரில் நிற்கும் பையன், “உங்க வீட்டுத் தராசு சரியில்லைங்க” என்கிறான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்படி நடந்ததை நம் வாசகர் ஒருவர், தன் கடையின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எழுதியிருந்தார்.

அங்கே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. அதே அளவுள்ள காலிப் பெட்டியை, மூடியும் பட்டர் பேப்பருமாகத் தராசில் வைத்துப் பார்ப்பது. அவர் பின்னர் அப்படிச் செய்தபோது 112 கிராம் காட்டியது. 888-உம் 112-உம் சேர்ந்தால் சரியாக ஆயிரம். தகராறு முடிந்தது, தவறு கடையுடையது.

குறைந்த எடையின் அளவே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். குறைவு காலிப் பெட்டியின் எடைக்குச் சமமாக இருந்தால் பெட்டியைக் கழிக்காமல் நிறுத்திருக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு 10 கிராம், 2 கிலோவுக்கு 20 கிராம் என்று சரக்கோடு சேர்ந்து குறைவும் கூடினால் தராசே பழுது. முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்தால் தெரிந்துவிடும். எந்தக் கணக்கிலும் அடங்காமல் பெட்டிக்குப் பெட்டி மாறினால் கட்டுகிற கையைக் கவனிக்க வேண்டும். 5 கிராம் படியில் காட்டும் தராசில் 3 கிராமுக்காக வாதாடுவதில் இரு தரப்புக்கும் பயனில்லை. ஒரு துண்டை எடுத்து வைத்துவிடுவதே நல்லது.

திரும்பி வந்த பெட்டியை அப்படியே நிறுக்கக் கூடாது. நெய்யும் பாகும் ஊறிய அட்டை புதுப் பெட்டியைவிடக் கனமாக இருக்கும். இனிப்பைத் தட்டில் கொட்டி, தட்டின் எடையைக் கழித்து, எண் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி நிறுக்க வேண்டும். குறைந்ததை அதே இனிப்பாகக் கொடுக்க வேண்டும். அவர் பணமாகக் கேட்டால் பணம்.

டேர் பட்டன் இல்லாத மின்னணுத் தராசு நம் கடைகளில் அநேகமாக இல்லை. காலிப் பெட்டியை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் வரும். பிறகு இனிப்பை அடுக்கினால் இனிப்பின் எடை மட்டும் தெரியும். நிறுத்து முடித்துப் பெட்டியை எடுத்ததும் திரையில் கழித்தல் குறியோடு 112 நிற்க வேண்டும். நின்றால் கழிவு சரி. வாடிக்கையாளருக்குக் காட்டவும் இதைவிட எளிய சாட்சி இல்லை. ஆனால் அந்த எண் அழியாமல் இருக்கும்போதே அடுத்தவருக்குக் கால் கிலோ பெட்டியை வைத்து நிறுத்தால் இழப்பு கடைக்கு. கால் கிலோ பெட்டியின் கழிவு கிடக்கும்போது கிலோ பெட்டியை வைத்தால் இழப்பு வாங்குகிறவருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் புதிதாக அழுத்தும் பழக்கம் கூட்ட நேரத்தில்தான் முதலில் விட்டுப்போகிறது. பில் மெஷினில் கழிவை முன்கூட்டியே பதிந்து வைப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அட்டைப்பெட்டிக்காரர் மாறினால் அட்டையின் கனமும் மாறும். பழைய எண் அப்படியே கிடக்கும். புதுக் கட்டு வந்தவுடன் 10 பெட்டிகளைச் சேர்த்து நிறுத்துச் சராசரி எடுங்கள்.

பெட்டிக்கும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கணக்கைப் பாருங்கள். அந்த வாசகர் பெட்டியை 14 ரூபாய்க்கு வாங்குகிறார். மைசூர்பாகு கிலோ 640 ரூபாய். பெட்டியை இனிப்பாக நிறுத்தபோது அதற்கு 71 ரூபாய் 68 காசு வாங்கியிருக்கிறார். சிறிய பெட்டியில் இது இன்னும் மோசம். கால் கிலோ பெட்டி 42 கிராம் இருந்தால், வாங்குகிறவர் கொடுத்த பணத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அட்டைக்குப் போகிறது. குறைவாக வாங்குகிறவர்தான் அதிகம் இழக்கிறார். பெட்டிச் செலவைக் கிலோ விலையில் ஏற்றுங்கள், அல்லது பில்லில் தனி வரியாகப் போடுங்கள். இரண்டையும் வாடிக்கையாளர் பார்த்துத் தீர்மானிக்க முடியும்.

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், பணம் வாங்கிய அளவைவிடக் குறைத்துக் கொடுப்பதை 30-வது பிரிவில் குற்றமாக வைத்திருக்கிறது. வாங்குகிறவர் இல்லாத நேரத்தில் முன்பே கட்டி அடுக்கிய பெட்டிகளுக்கு 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் பொருந்தும். அவற்றின் மேல் அச்சிடும் எடை, பெட்டி நீங்கலான எடையாக இருக்க வேண்டும்.

நம் வாசகருக்கு அன்று வந்த சோதனை ஒரு பெட்டியோடு நிற்கவில்லை. அதே இரவில், அதே கையால், ஓர் அலுவலகத்துக்கு 40 கிலோ பெட்டிகள் கட்டியிருந்தார்கள். 4 கிலோ 480 கிராம் குறைவு. அவர் யாரும் கேட்பதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போன் செய்து, நாலரைக் கிலோ மைசூர்பாகைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். இந்தப் பருவத்துச் சரக்கைக் கட்டத் தொடங்கும் முன், உங்கள் கடையிலுள்ள ஒவ்வோர் அளவுக் காலிப் பெட்டியையும் நிறுத்து, அந்த எண்களைத் தராசுக்கு மேல் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.