மஞ்சள் காமாலைக்கு எல்லாம் கீழாநெல்லி போதுமா?

1/ கண்ணு மஞ்சளா இருந்தா "கீழாநெல்லி குடி, பத்தியம் இரு"ன்னு சொல்ல நம்ம ஊர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாருக்கும் அதையே சொல்றது ஆபத்து. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான பதிவு.

2/ மஞ்சள் காமாலை நோய் இல்லை, அறிகுறி. வைரஸால கல்லீரல் வீங்கி வர்ற காமாலை பெரும்பாலும் சில வாரத்துல தானாவே அடங்கிடும். அந்த நல்ல பேரைத்தான் கீழாநெல்லி வாங்கிக்குது.

3/ கல்லீரல்ல சுரக்கிற பித்தநீர் ஒரு குழாய் வழியா குடலுக்குப் போகணும். அந்தக் குழாய்ல புற்றுநோய் வந்து அடைச்சாலும் கண்ணு மஞ்சளாகும். அடைச்ச குழாயை எந்தப் பச்சிலையும் திறக்காது.

4/ அடைப்பை எப்படிச் சந்தேகிக்கிறது? பித்தம் குடலுக்குப் போகாததால மலம் வெளுத்துப் போகும். ரத்தத்துல தேங்கிய நிறமி வெளியேறுறதால சிறுநீர் கறுக்கும். கூடவே ராத்திரி தூங்கவிடாத அரிப்பு, உள்ளங்கை, உள்ளங்கால்ல அதிகமா. பல பேருக்கு வலியே இருக்காது. அதனாலதான் அலட்சியம்.

5/ 58 வயசு விவசாயி ஒருத்தர் எங்ககிட்ட வந்தார். அஞ்சு வாரமா பொடி, பத்தியம். உடம்பெல்லாம் சொறிஞ்ச புண். 1-க்குள்ள இருக்க வேண்டிய பிலிருபின் 19. ஸ்கேன்ல கல்லீரலுக்குள்ள குழாயெல்லாம் வீங்கியிருந்தது. சி.டி.யில குழாயோட கீழ்முனையில அடைப்பு, கல்லீரல்லயும் பரவல். சி.டி.யை ஸ்டென்ட்டுக்கு முன்னாடியே எடுக்கணும், அப்புறம் எடுத்தா படம் தெளிவா இருக்காது.

6/ பித்தம் இல்லாம வைட்டமின் கே உடம்புல சேராது, ரத்தம் உறைய நேரமாகும். அதனால முதல்ல அதுக்கு ஊசி. அப்புறம் ஈ.ஆர்.சி.பி: வாய் வழியா எண்டோஸ்கோப், குழாய் வாசல்ல ஒரு கம்பி, அடைப்பைத் தாண்டினதும் செல் மாதிரி எடுத்துட்டு, கம்பி மேலேயே ஸ்டென்ட். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டோட அகலம் 3 மி.மீ. அளவுதான், சுமார் மூணு மாசத்துல அடைச்சுக்கும். இவருக்கு உள்ளே போய் 10 மி.மீ. விரியுற உலோக ஸ்டென்ட் வெச்சாங்க.

7/ சில நாள்ல அரிப்பு அடங்கி, தூங்கினார். பிலிருபின் இறங்கின பிறகுதான் கீமோ ஆரம்பிக்க முடிஞ்சது.

8/ ஆனா ஸ்டென்ட் புற்றுநோயைக் குணமாக்காது, பித்தத்துக்கு வழி விடும், அவ்வளவுதான். அதுவும் அடைக்கலாம். குளிர் நடுக்கத்தோட காய்ச்சலோ, மறுபடி மஞ்சளோ வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும். "காலைல பாத்துக்கலாம்"னு இருந்தா, கிருமி ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்து.

9/ இந்தப் புற்றுநோயை முழுசா எடுக்க வாய்ப்பு, பரவுறதுக்கு முன்னாடி செய்யுற அறுவை சிகிச்சைதான். அஞ்சு வாரம் முன்னாடி வந்திருந்தா இவருக்கு முடிஞ்சிருக்குமான்னு உறுதியா சொல்ல முடியாது. அதைக் கேக்குற வாய்ப்பையே பொடி கொடுத்தவர் பறிச்சுட்டார். காமாலைன்னு வர்றவங்ககிட்ட மலத்தோட நிறத்தைக்கூடக் கேக்காம பொட்டலம் மடிக்கிறது வைத்தியமே இல்லை.

10/ கண்ணு மஞ்சள், வெள்ளை மலம், அரிப்பு இருந்தா, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு வயிற்று ஸ்கேன். பத்தியத்தை விட அது முக்கியம்.