நாலு கொடி, எட்டு வீடு

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடு. மொட்டைமாடியில் நாலு கொடி. படிக்கட்டு முடிகிற இடத்துக் கூரையடியில் எல்லோரும் காசு போட்டு வாங்கிய ஒரு வாஷிங் மெஷின். கள்ளக்குறிச்சி ஊரில் இதற்கு நடக்கிற சண்டையைப் பார்த்தால், கோமுகி அணைத் தண்ணீருக்குப் பங்கு கேட்டு நிற்கிறவர்களே தேவலை.

விடியற்காலை நாலரைக்கே ஒருவர் மெஷினைப் போட்டுவிடுகிறார். கேட்டால், "முந்தினவங்களுக்குத்தானே சார் கொடி?" என்கிறார். மேல்தளத்து அக்கா நியாயமாகவே கத்துகிறார். அவர் படுக்கை அறைக்கு நேர் மேலேதான் மெஷின். அந்தச் சத்தம் காற்றில் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். தளத்தின் கான்கிரீட் வழியாக அல்லவா இறங்குகிறது! ஒரே ஒரு கனத்த போர்வையைப் போட்டுப் பிழியவிட்டால் அது டிரம்மில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். உடனே 'தடால் தடால்' என்று மெஷின் இடம்விட்டு நகர ஆரம்பிக்கும். கூட இரண்டு துண்டைப் போட்டால் பாரம் இரு பக்கமும் சமமாகும். கால்களைத் திருகி மட்டம் பார்த்து, அடியில் ரப்பர் பாய் விரித்தால் முக்கால்வாசி அதிர்வு அடங்கும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இன்னொருவர் வாதம் வேறு: "மாடி என் தலைக்கு மேல இருக்கு, எனக்குத்தான் முதல் உரிமை." 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமே மொட்டைமாடியைப் பொதுப் பகுதி என்றுதான் சொல்கிறது, ஐயா.

அதனால்தான் இந்த அறிவிப்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மெஷின் ஓடக்கூடாது. இந்த நேரம் நானாக வைத்தது இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு என்று வைத்திருக்கும் நேரம் இதுதான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் அதில் உண்டு. மதியம் 1 முதல் 4 வரையும் நிறுத்தம். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவரும் கைக்குழந்தையும் தூங்குகிற நேரம் அது.

முறை இப்படி. ஒரு நாளைக்கு நாலு வீடு, மறுநாள் மற்ற நாலு வீடு. காலையில் இரண்டு வீடு, மதியத்துக்கு இரண்டு வீடு. வீட்டுக்கு இரண்டு கொடி. மெஷின் முதல் வீட்டுக்கு 6 முதல் 7 வரை, அடுத்த வீட்டுக்கு 7 முதல் 8 வரை. இவர்கள் 12 மணிக்குக் கொடியைக் காலி செய்யவேண்டும். மூன்றாவது வீட்டுக்கு மெஷின் 11 மணிக்கு, நாலாவதுக்கு 12 மணிக்கு. இவர்கள் 5 மணிக்குள் துணியை எடுக்கவேண்டும். 5 முதல் 9 வரை மெஷின் பொது. குழந்தை நனைத்த மெத்தை விரிப்பும் ஆஸ்பத்திரித் துணியும் எந்த முறைக்கும் காத்திருக்காது.

திங்கள், புதன், வெள்ளி என்று கிழமை பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தால் ஞாயிறு யாருக்கு என்று அடுத்த சண்டை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்தால், வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் ஞாயிறு தானாகவே ஒரு வாரம் இவர்களுக்கு, மறுவாரம் அவர்களுக்கு என்று மாறிவிடும்.

காலை முறையும் மதிய முறையும் ஒன்றல்ல. ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு, சாயங்காலம் மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். நனைவது மதிய முறைத் துணிதான். ஆகவே மாதம் பிறந்தால் காலைக்காரர் மதியத்துக்கு, மதியத்துக்காரர் காலைக்கு.

மழையில் போன முறையை மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. தள்ளினால் எட்டு வீட்டுக் கணக்கும் குலையும். நனைந்த வீட்டுக்குப் படிக்கட்டுக் கூரையடி அன்றிரவு சொந்தம். ஐப்பசி, கார்த்திகையில் ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. அதற்காகப் பிறர் கொடியைப் பிடித்து வைக்காமல் வீட்டுக்குள் உலர்த்துங்கள். நேரம் கடந்து கிடக்கும் துணியை அடுத்தவர் எடுக்கலாம். ஆனால் மடித்துக் கூடையில் வைக்கவேண்டும். தரையில் வீசினால் அது பழிவாங்கல்.

சித்திரை, வைகாசியில் வடகம், மிளகாய் காயப்போட வடக்கு மூலை. கொடிக்கு அடியில் வேண்டாம். சொட்டும் தண்ணீரில் வடகம் ஊறிவிட்டது என்று இன்னொரு பஞ்சாயத்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

வருகிற ஒன்றாம் தேதி காலை 6 மணிக்குத் தரைத்தள முதல் வீட்டில் தொடங்குகிறோம். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் வந்து நேரில் சொல்லுங்கள். தயவுசெய்து, போன தடவை மாதிரி தாளைக் கிழிக்காதீர்கள்.