ஓர் இடத்துக்கு ஒரே எஜமான்

யூனிட்டியில் சீட்டாட்டம் செய்பவர்கள், கையிலுள்ள சீட்டுகளை HorizontalLayoutGroup கொண்டு வரிசையாக நிறுத்துவது வழக்கம். மவுஸ் மேலே வந்தால் சீட்டு 40 அலகு எழும்ப வேண்டும் என்று அதன் anchoredPosition-ஐ அசைக்கிறார்கள். சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். ஆட்டத்தின் நடுவே புதுச் சீட்டு ஒன்று வந்ததும், எழும்பி நின்றது சட்டென்று வரிசைக்குத் திரும்பிவிடும். பலர் அனிமேஷனைத்தான் சந்தேகிக்கிறார்கள். உண்மையில், ஒரே எண்ணை இருவர் எழுதுகிறார்கள். லேஅவுட் அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுதுவதில்லை; பிள்ளை சேர்ந்தாலோ மறைந்தாலோ அளவு மாறினாலோதான் கணக்கை மறுபடி போட்டு, திரை வரையப்படும் முன் இடங்களைத் திருத்துகிறது. சீட்டை நகர்த்துவது மட்டும் அந்தக் கணக்கைத் தூண்டாது. அதனால்தான் பிழை இவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது. இன்ஸ்பெக்டரில் Pos X, Pos Y மங்கிக் கிடப்பதே அந்த எண்கள் நம்முடையவை அல்ல என்பதற்கு அடையாளம்.

அசைக்கும்போது மட்டும் லேஅவுட்டை அணைத்துவிடலாமே என்பார்கள். அந்த நேரத்தில் வரும் சீட்டுக்கு இடம் கிடைக்காது. திரும்ப இயக்கியதும் எல்லாம் ஒன்றாகக் குதிக்கும். ignoreLayout போட்டாலோ, அந்தச் சீட்டின் இடத்தைப் பக்கத்துச் சீட்டுகள் மூடிவிடும். எனவே இடத்தையும் உருவத்தையும் பிரிப்பதே சரி. வெளியே ஒரு வெற்றுப் பெட்டி லேஅவுட்டுக்குக் கட்டுப்பட்டு நிற்கட்டும். படம் அதன் உள்ளே பிள்ளையாக இருக்கட்டும். அசைப்பது உள்படத்தின் விலகலை மட்டும்: சும்மா இருக்கையில் பூஜ்யம், எழும்பினால் 40. மவுஸைக் கவனிக்கும் பரப்பு வெளிப்பெட்டியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிவிளிம்பில் மவுஸ் நிற்கும்போது சீட்டு எழும்பும், தொடர்பு விடும், விழும், மறுபடி எழும்பும்.

சீட்டு கொஞ்சம் பெரிதானால் போதும் என்றால் பெட்டியே தேவையில்லை. localScale-ஐ லேஅவுட் எழுதுவதில்லை. ‘Use Child Scale’ மட்டும் அணைந்திருக்க வேண்டும், இல்லையேல் அடுத்த கணக்கில் அக்கம்பக்கமும் நகரும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் கூடுதல் பொருள் வீண்சுமை அல்லவா என்று கேட்கலாம். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் பட்டியலில் அது நியாயமான கவலை. ஐந்து சீட்டுக்கு அது பொருட்டல்ல. பதிலுக்குக் கிடைப்பதோ பெரிது. 160 அகலச் சீட்டுகள் ஐந்து, 20 இடைவெளியில் நடுவாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். வலக்கோடிச் சீட்டை எடுத்தால் மற்ற நான்கின் பெட்டிகளும் 90 அலகு வலப்புறம் தாவும். அதே ஃபிரேமில் ஒவ்வோர் உள்படத்துக்கும் −90 விலகல் கொடுத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், தாவல் கண்ணில் படாமல் சீட்டுகள் மெல்லச் சறுக்கி வந்து சேரும். எங்கே நிற்பது என்பதை லேஅவுட் சொல்கிறது. அங்கே எப்படி வந்து சேர்வது என்பதை அனிமேஷன் சொல்கிறது.